பேர் மறந்த குட்டி ஈ

தம்பிக்கு,

அப்பத்தா நமக்குச் சொன்ன பேர் மறந்த ஈ கதையை, பாப்பா தூங்கும் நேரத்துக்கு ஏற்றமாதிரி எழுதியிருக்கிறேன். இதை அப்படியே வாசித்தால் போதும். பழைய கதையில் ஈ கொழுகொழு கன்றில் தொடங்கி, தாய்ப்பசு, மேய்க்கிறவன், அவன் கைக்கோல், மரம், கொக்கு, குளம், மீன் என்று ஊர் முழுக்கக் கேட்டு வரும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். இரண்டரை வயதுக்கு நாலாவது பேர் வருவதற்குள் முதல் பேர் மறந்துவிடும். அதனால் வழியில் ஐந்தே பேர். ஐந்தும் நம் வீட்டு அடுப்படியில் தொடங்கி, வளவு, முகப்பு, ஊருணி என்று வெளியே போகும் வரிசையிலேயே இருக்கும். லீவுக்கு ஊருக்கு வரும்போது அவளே விரலால் காட்டிக்கொண்டு நடக்கலாம். பழைய கதையின் கடைசியில் குதிரை கனைக்கும். அந்தச் சத்தத்துக்கு வந்த தூக்கமும் ஓடிவிடும். இதில் வரும் குதிரை வாயே திறக்காது, ஆனால் பதில் சொல்லிவிடும்.

புள்ளி வைத்திருக்கும் இடத்தில் ஒரு மூச்சு விடு. "ஙொய்" வரும்போது அவள் உள்ளங்கையில் உன் விரல் மெல்லச் சுற்றட்டும். ஈ வீடு திரும்பும் பகுதியில் உன் குரல் தாழ்ந்துகொண்டே போக வேண்டும். அவசரப்படாதே. உனக்கே கொட்டாவி வந்தால் சரியாக வாசிக்கிறாய் என்று அர்த்தம்.

*

ஒரே ஒரு ஊரிலே...
ஒரு பெரிய வீடு.

எவ்வளவு பெரிய வீடு?
முன்வாசல் ஒரு தெருவிலே.
பின்வாசல் அடுத்த தெருவிலே.
அவ்வளவு... பெரிய வீடு.

அந்தப் பெரிய வீட்டிலே ஒரு குட்டி ஈ.

எவ்வளவு குட்டி?
ஒரு மிளகு இருக்குதே, மிளகு...
அவ்வளவு குட்டி.

ஒருநாள் சாயங்காலம் குட்டி ஈ வீடு துடைத்ததாம்.
தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல்லு.
கல்லெல்லாம் பூவு.
சிவப்புப் பூவு... மஞ்சள் பூவு... பச்சை இலை.

துடைக்கத் துடைக்கப் பளபள.
துடைக்கத் துடைக்கப் பளபள.

குட்டி ஈ ஒரு பூ மேலே உட்கார்ந்தது.
தேன் இருக்குதா? இல்லை.
அது பூவு இல்லை, கல்லு.

இன்னொரு பூ மேலே உட்கார்ந்தது.
தேன் இருக்குதா? இல்லை.
அதுவும் பூவு இல்லை, கல்லு.

"அது பூவு இல்லை, கல்லு.
இது பூவு இல்லை, கல்லு.
அப்போ நான்?
நான் யாரு?
என் பேர் என்ன?"

அடடா...
குட்டி ஈக்குத் தன் பேரே மறந்துபோச்சு!

(இங்கே கொஞ்சம் நிறுத்து. அவள் "ஈ" என்று சொல்லிக் கொடுத்தால், "ஸ்ஸ்ஸ்... ஈக்குச் சொல்லாதே" என்று ரகசியமாகச் சொல்.)

குட்டி ஈ பறந்தது.
ஙொய்... ஙொய்... ஙொய்...

அடுப்படிக்குப் போச்சு.
அடுப்பு மேலே பணியாரச் சட்டி.
குழி குழியாக மாவு.
சொய்... சொய்... சொய்...

"சொய் சொய்ச் சட்டியே,
என் பேர் என்ன? சொல்லேன்."

சட்டி சொன்னது,
"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு.
சொய்... சொய்... சொய்..."

அது இல்லையே என் பேரு.

குட்டி ஈ பறந்தது.
ஙொய்... ஙொய்... ஙொய்...

இரண்டாம் கட்டுக்குப் போச்சு.
அங்கே ஆயா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.
மடியிலே பாதி முடைந்த கொட்டான்.
ஓலை மேலே போகுது... சரக்.
ஓலை கீழே போகுது... சரக்.
சரக்... சரக்... சரக்...

"சொய் சொய்ச் சட்டியே,
சரக் சரக் கொட்டானே,
என் பேர் என்ன? சொல்லேன்."

கொட்டான் சொன்னது,
"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு.
சரக்... சரக்... சரக்..."

அது இல்லையே என் பேரு.

குட்டி ஈ பறந்தது.
ஙொய்... ஙொய்... ஙொய்...

வளவுக்குப் போச்சு.
வளவு நடுவிலே வானம் தெரியும்.
மத்தியானம் பெய்த மழை ஓட்டிலே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
ஓட்டு நுனியிலே ஒரு சொட்டு.
குண்டாச்சு... இன்னும் குண்டாச்சு... இன்னும்... குண்டாச்சு...
கீழே பெரிய பித்தளை அண்டா.
டொக்!

அப்புறம் இன்னொரு சொட்டு.
குண்டாச்சு... இன்னும் குண்டாச்சு...
டொக்!

(இந்தச் சொட்டு இரண்டோடு நில். "இன்னொன்று" என்று கேட்பாள். ஒன்று மட்டும் கொடு.)

"சொய் சொய்ச் சட்டியே,
சரக் சரக் கொட்டானே,
டொக் டொக் அண்டாவே,
என் பேர் என்ன? சொல்லேன்."

அண்டா சொன்னது,
"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு.
டொக்... டொக்... டொக்..."

அது இல்லையே என் பேரு.

குட்டி ஈ பறந்தது.
ஙொய்... ஙொய்... ஙொய்...

முகப்புக்குப் போச்சு.
பெரிய தேக்குக் கதவு.
கிரீச்... கிரீச்... கிரீச்...

"சொய் சொய்ச் சட்டியே,
சரக் சரக் கொட்டானே,
டொக் டொக் அண்டாவே,
கிரீச் கிரீச் கதவே,
என் பேர் என்ன? சொல்லேன்."

கதவு சொன்னது,
"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு.
கிரீச்... கிரீச்... கிரீச்..."

அது இல்லையே என் பேரு.

குட்டி ஈ பறந்தது.
ஙொய்... ஙொய்... ஙொய்...

தெருவைத் தாண்டிப் போச்சு.
ஊருணிக்குப் போச்சு.
ஊருணி நிறையத் தண்ணி.
தண்ணி வந்து படிக்கட்டைத் தொட்டது... சளப்.
திரும்பிப் போச்சு.
மறுபடி வந்து தொட்டது... சளப்.

"சொய் சொய்ச் சட்டியே,
சரக் சரக் கொட்டானே,
டொக் டொக் அண்டாவே,
கிரீச் கிரீச் கதவே,
சளப் சளப் ஊருணியே,
என் பேர் என்ன? சொல்லேன்."

ஊருணி சொன்னது,
"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு.
சளப்... சளப்... சளப்..."

அது இல்லையே என் பேரு.

குட்டி ஈக்கு றெக்கை வலித்தது.
மெதுவாகப் பறந்தது.
ஙொய்...... ஙொய்......

ஊருணிக் கரையிலே அய்யனார் கோயில்.
கோயில் வாசலிலே குதிரை.
ஒரு குதிரை... இன்னொரு குதிரை... இன்னொரு குதிரை...
எல்லாம் மண்ணு குதிரை.
வெயில் அடித்தாலும் நிற்கும்.
மழை பெய்தாலும் நிற்கும்.
ஓடாது. ஆடாது. பேசாது.

குட்டி ஈ மெல்லக் கேட்டது,
"மண்ணு மண்ணுக் குதிரையே,
என் பேர் என்ன? சொல்லேன்."

குதிரை பேசவில்லை.

குட்டி ஈ கிட்டே போச்சு.
குதிரை காதைப் பார்த்தது. பெரிய காது.
குதிரை கண்ணைப் பார்த்தது. உருண்டைக் கண்ணு.
குதிரை வாயைப் பார்த்தது.

குதிரை வாய் எப்படி இருந்தது?
பல் எல்லாம் தெரிந்தது.
வரிசையாக... மேலே பல்லு... கீழே பல்லு...

இப்படி.

(பல்லைக் காட்டு. சத்தம் வேண்டாம். அவள் காட்டட்டும். அவள் வாயிலிருந்து வரும் வரை காத்திரு.)

ஈ...

"ஈ!" என்றது குட்டி ஈ.
"ஈ! ஈ! அதுதான் என் பேரு!
நான் ஈ!"

மண்ணு குதிரை பல்லைக் காட்டிக்கொண்டே நின்றது.
ஈ...

*

(இனி எல்லாச் சத்தமும் ஒரே ஒரு தடவைதான். விளக்கை இப்போது அணைத்துவிடு. இதற்குள் கதை உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.)

இருட்டிப்போச்சு.
குட்டி ஈ வீட்டுக்குத் திரும்பியது.
ஙொய்......

ஊருணி பக்கம் வந்தது.
"ஊருணியே... நான் ஈ."
"ஈ... தூங்கு," என்றது ஊருணி.
சளப்......
ஊருணி தூங்கிப்போச்சு.

ஙொய்......

கதவு பக்கம் வந்தது.
"கதவே... நான் ஈ."
"ஈ... தூங்கு," என்றது கதவு.
கிரீச்......
கதவு சாத்திக்கொண்டது.
கதவும் தூங்கிப்போச்சு.

ஙொய்......

அண்டா பக்கம் வந்தது.
"அண்டாவே... நான் ஈ."
"ஈ... தூங்கு," என்றது அண்டா.
ஓட்டு நுனியிலே கடைசிச் சொட்டு.
குண்டாச்சு...... இன்னும்...... குண்டாச்சு......
டொக்......
அண்டா தூங்கிப்போச்சு.

ஙொய்......

கொட்டான் பக்கம் வந்தது.
கொட்டான் முடைந்து முடிந்தாச்சு.
ஆயா படுத்தாச்சு.
"கொட்டானே... நான் ஈ."
"ஈ... தூங்கு."
சரக்......
கொட்டான் தூங்கிப்போச்சு.

ஙொய்......

சட்டி பக்கம் வந்தது.
பணியாரம் சாப்பிட்டாச்சு.
சட்டி கழுவிக் கவிழ்த்தாச்சு.
"சட்டியே... நான் ஈ."
"ஈ... தூங்கு..."

சட்டி முதுகிலே இன்னும் கொஞ்சம் சூடு.
குட்டி ஈ அங்கே உட்கார்ந்தது.
ஒரு றெக்கை மடக்கியது......
இன்னொரு றெக்கை மடக்கியது......

நான்...... ஈ......

ஈ......

*

இன்னும் விழித்திருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்காதே. "இருட்டிப்போச்சு" என்ற இடத்துக்குப் போய், இன்னும் சின்னக் குரலில், "தூங்கு" மட்டும் சொல்லிக்கொண்டு வா. நாய், பூனை என்று நடுவில் யாரையும் சேர்க்காதே. சேர்த்தால் நாளைக்கும் அவர்கள் வந்தாக வேண்டும், வரிசை நீண்டுவிடும். அவளே நம் வீட்டுச் சாமான் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், அதைப் பகலில் விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளலாம். இரவுக்கு அந்த ஐந்துதான்.

துடைக்காமல் விட்ட தரை என்ன ஆச்சு என்று கட்டாயம் கேட்பாள். நாளைக்குக் காலையில் எழுந்து துடைக்கும் என்று சொல்லிவிடு.

ஆச்சி