நிறைமதியின் பெயர் சூட்டலுக்கு வந்த எல்லோருக்கும் எங்கள் நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அயலட்டைக்கும்,

கடந்த ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலில் நடந்த எங்கள் மகளின் 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கும் பெயர் சூட்டலுக்கும் வந்து, அவளைக் கையில் ஏந்தி வாழ்த்திய உங்கள் எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. பருத்தித்துறையிலும் காரைநகரிலும் இருந்து விடிய முதல் வெளிக்கிட்டவர்கள், கிளிநொச்சியில் இருந்து கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்தவர்கள், கனடாவில் நித்திரை முழித்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் கூடி நின்றதால்தான் அது பிள்ளைக்கு ஒரு நல்ல நாளாக அமைந்தது.

பெயரைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். பிள்ளையின் நட்சத்திரம் அனுஷம். அதற்கு உரிய எழுத்துகள் ந, நி, நு, நே. அதில் ‘நி’யை எடுத்து அப்பப்பா தெரிவு செய்த பெயர்தான் நிறைமதி. பந்தல் சத்தத்தில் அவர் பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அதனால் வந்த வாழ்த்துகள் சிலவற்றில் ‘நிரைமதி’ என்று இருந்தது. வல்லின ‘றை’தான் சரி, நிரை என்றால் வரிசை, நிறை என்றால் முழுமை. பிறப்புப் பதிவை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் இந்த எழுத்திலேயே பதியக் கொடுக்கிறோம். கூப்பிடும்போது ‘மதி’ என்றாலே போதும்.

நீங்கள் தந்த அன்பளிப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். பெரியம்மா போட்ட பஞ்சாயுதமும் மாமா போட்ட வெள்ளி அரைஞாணும் படம் எடுக்கும்வரை போட்டிருந்தோம். பிறகு பஞ்சாயுதத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். பிள்ளை நித்திரை கொள்ளும்போது சங்கிலி கழுத்தில் இறுகக்கூடும் என்ற பயம்தான் காரணம், விருப்பமில்லாமல் இல்லை. வசம்பு வளையலும் அப்படித்தான். கையை வாயில் வைக்கத் தொடங்கிவிட்டாள். உடுப்புகளில் ஆறு மாதத்து அளவில் வந்தவை எங்களுக்குப் பெரிய உதவி. சின்ன அளவுகள் இரண்டு மூன்று கிழமையில் பத்தாமல் போய்விடும். அவற்றை இப்போதே மாறி மாறிப் போடுகிறோம், போட்ட படத்தைத் தந்தவருக்கு அனுப்புவோம்.

சீனித்தண்ணி பருக்க ஆசைப்பட்ட அம்மம்மாமாரும் மாமிமாரும் கோபிக்க வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொன்னதால்தான் மறித்தோம். உங்கள் ஆசீர்வாதம் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். 90 பேர் என்று கணக்கிட்டு 9 கிலோ அரிசி போட்டோம். 120 பேருக்கு மேல் வந்தீர்கள். மூன்றாம் பந்தியில் இருந்தவர்களுக்கு வடையும் பாயாசமும் கிடைக்கவில்லை, சோறும் பிந்தியது. பக்கத்து வீட்டு அன்ரி தன் அடுப்பில் உடனே 3 கிலோ வடித்துத் தந்திராவிட்டால் இலையில் இருத்தியவர்களை இன்னும் காக்க வைத்திருப்போம். அன்ரிக்கும், முதல் நாள் இரவே கத்தரிக்காயும் பயற்றங்காயும் வெட்டித் தந்த மச்சாள்மாருக்கும், கதிரை அடுக்கிப் பந்தல் கட்டிய ஒழுங்கைப் பெடியளுக்கும் எவ்வளவு சொன்னாலும் காணாது. வடை கிடைக்காதவர்கள் பல்லுக்கொழுக்கட்டைக்குக் கட்டாயம் வர வேண்டும். முதல் பல்லு முளைத்தவுடன் சொல்லி அனுப்புவோம், அன்று கூடவே அவிப்போம்.

இரவல் வாங்கிய பாத்திரங்களில் ஒரு பெரிய தாச்சியும் இரண்டு மூடிகளும் யாருடையவை என்று தெரியாமல் எங்கள் குசினியில் இருக்கின்றன. ஒரு கறுப்புக் குடையும், சின்னப் பிள்ளையின் வெள்ளிக் கொலுசு ஒன்றும் விறாந்தையில் கிடந்தன. அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு சொல்லுச் சொன்னால் கொண்டுவந்து தருகிறோம்.

படங்களை இந்தக் கிழமைக்குள் வட்சப்பில் அனுப்புவோம். உங்கள் குடும்பப் படங்களை விரும்பியபடி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முகம் தெரியும் படங்களை மட்டும் முகநூலில் போட வேண்டாம் என்று அன்பாகக் கேட்கிறோம்.

வர முடியாமல் போனவர்கள் பிள்ளையைப் பார்க்க எந்த நாளும் வரலாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு முழித்திருப்பாள். இரண்டாம் மாதத் தடுப்பூசி போடும் நாளும் அடுத்த நாளும் மட்டும் காய்ச்சல், சிணுங்கல் இருக்கக்கூடும். உங்களுக்குத் தடிமனோ இருமலோ இருந்தால் சுகமான பிறகு வாங்கோ, மதி எங்கேயும் போகமாட்டாள்.

அன்புடன்,
சுகந்தி, பிரதீபன், நிறைமதி
அப்பப்பா, அப்பம்மா, அம்மம்மா
கொக்குவில்