புதிய கிளை மேலாளருக்கு ஊழியர்கள் அனைவரின் வரவேற்புக் கடிதம்

மன்னார்குடி
2 ஜூன் 2025

அன்புள்ள மேலாளர் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நமது கிளையின் மேலாளராக இன்று பொறுப்பேற்கும் உங்களை நாங்கள் எல்லோரும் சேர்ந்து மனமார வரவேற்கிறோம். எல்லோரும் என்றால் அதிகாரிகளும் கேஷியர்களும் கிளார்க்குகளும் மட்டுமல்ல. நகை மதிப்பீட்டாளர், வாசலில் நிற்கும் காவலர், காலையில் கிளையைப் பெருக்கித் துடைத்து வைக்கும் அக்கா, கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் வரும் வங்கி முகவர்கள் வரை சேர்த்துத்தான். எழுதியது ஒரு கை என்றாலும், என்ன எழுத வேண்டும் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் ஏற்றுமதிக் கடன்களை நீங்கள் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட விதத்தை அங்கிருந்து வந்த நண்பர்கள் சொன்னார்கள். கோபப்படாமல் பேசுவீர்கள், ஃபைலை மேஜையில் தேங்க விட மாட்டீர்கள் என்றும் சொன்னார்கள். கேட்டதிலிருந்து எங்களுக்கு மகிழ்ச்சி. இந்தக் கிளைக்கு இரண்டுமே தேவை.

நீங்கள் வந்திருப்பது ஆண்டிலேயே பரபரப்பான நேரம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. இந்த முறை அணையில் தண்ணீர் நன்றாகவே இருப்பதால் ஊர் முழுக்கக் குறுவைப் பேச்சுதான். பம்புசெட் வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே நாற்று விட்டுவிட்டார்கள். ஆற்றுப் பாசனத்தை நம்பியிருப்பவர்கள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். உழவுக் கூலி, விதை, டிஏபி, நடவு ஆள் என்று எல்லாச் செலவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பயிர்க்கடன் புதுப்பிக்கவும் நகையை அடகு வைக்கவும் இந்த வாரத்திலிருந்தே கூட்டம் வரும். காலை பத்து மணிக்கு முன்பே திண்ணையில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீங்கள் கவலைப்பட வேண்டாம். எந்தக் கவுன்ட்டரில் யார் உட்கார்வது, சிட்டா அடங்கலை யார் சரிபார்ப்பது என்று நாங்களே பிரித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் கையெழுத்துக்கு வரும் விண்ணப்பம் முழுமையாக இருக்கும்.

இங்கே நகைக் கடனுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பொங்கலுக்கு அப்புறம் நெல் போட்ட பணம் வந்ததும் மீட்டுக்கொண்டு போவார்கள். தை மாதக் கல்யாணத்துக்கு முன்னால் மீட்க வேண்டும் என்ற அவசரமும் இருக்கும். நமது மதிப்பீட்டாளர் ஒவ்வொரு நகையையும் அவர்கள் கண் முன்னாலேயே எடை போட்டு, எடையைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். யாரும் சொல்லி வந்த பழக்கம் இல்லை, அவராகவே ஏற்படுத்திக்கொண்டது. அதனால்தான் பக்கத்து ஊர்களில் அடகுக் கடைகள் இருந்தும் பஸ் ஏறி நம்மிடம் வருகிறார்கள். இந்தப் பழக்கம் தொடர உங்கள் ஆதரவு வேண்டும்.

பயிர்க்கடனில் இன்னொன்று. குறித்த காலத்தில் கட்டினால் வட்டி ஏழு சதவீதத்திலிருந்து நாலாகக் குறையும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் கெடு எந்தத் தேதி என்பது மறந்துவிடுகிறது. அதற்காக நமது களப் பணி அதிகாரி கெடுவுக்கு முன்பே போன் போட்டுச் சொல்லும் வேலையைத் தொடங்கியிருக்கிறார். அதேபோல் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் மாதத்தில், பெரும்பாலும் 15-ம் தேதியை ஒட்டி வரும். நாலு நாள் மழை விடாமல் பெய்தால் பதிவு செய்ய ஒரே நெருக்கடி ஆகிவிடும். அக்டோபரிலேயே கிராமங்களுக்குப் போய் முடித்துவிடலாம் என்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறோம். ஆறியமர உட்காரும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பகுதி பட்ட பாட்டை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நாள் கணக்கில் கரண்ட் இல்லை, சாய்ந்த தென்னைகளுக்குக் கணக்கே இல்லை. அப்போது இங்கே இருந்த ஊழியர்கள் ஜெனரேட்டர் வைத்துக் கிளையைத் திறந்து, வீடு இழந்தவர்களுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார்கள். பாஸ்புக் நனைந்து கிழிந்து வந்தவர்களை முகத்தைப் பார்த்தே அடையாளம் சொன்னவர் நமது தலைமைக் காசாளர். அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். எந்தக் குடும்பம் எந்தக் கஷ்டத்தில் கடன் கட்டத் தாமதிக்கிறது, யார் வசதி இருந்தும் இழுத்தடிக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். வசூல் பட்டியலை எடுக்கும்போது அவரை ஒரு வார்த்தை கேட்டால் உங்களுக்கு உதவியாக இருக்கும்.

நவம்பரில் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வருவார்கள். எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கைரேகை பதியாத பெரியவர்களுக்கு முகத்தைப் படம் எடுத்துச் சான்று தரும் வசதியை எங்கள் இளம் சக ஊழியர் ஒருவர் கற்று வைத்திருக்கிறார், மற்றவர்களுக்கும் சொல்லித் தந்திருக்கிறார். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு நாங்களே போய் வருவதுண்டு. அதற்கு அலுவலக நேரத்தில் அனுமதி தந்தால் நன்றாக இருக்கும்.

முந்தைய மேலாளர் எங்களை நல்லபடியாக நடத்தினார், நாங்கள் அவரை மறக்க மாட்டோம். அதற்காக நீங்களும் அவரைப் போலவே செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் முறை எதுவோ அதைச் சொல்லுங்கள், அதற்கு ஏற்றபடி நாங்கள் மாறிக்கொள்கிறோம். ஏதாவது சரியில்லை என்று பட்டால் எங்களைக் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள். எங்களுக்கும் ஏதாவது சொல்லத் தோன்றினால் உங்கள் அறைக் கதவைத் தட்டுவோம். அந்த உரிமையை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

வாரத்தில் ஒரு நாளாவது களப் பணி அதிகாரியோடு கிராமங்களுக்கு வாருங்கள் என்பது எங்கள் இன்னொரு கோரிக்கை. மேலாளரை வயல் வரப்பில் பார்த்தால் இங்குள்ளவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். மகளிர் குழுக் கூட்டங்களில் உங்களைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு குழுத் தலைவிகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். பெண் மேலாளர் வருகிறார் என்ற சேதி எங்களுக்கு முன்பே அவர்களுக்குப் போய்விட்டது.

வீடு பார்த்து முடியும்வரை தங்குவதற்கு ஹரித்ராநதி பக்கம் ஓர் இடம் ஏற்பாடு செய்திருக்கிறோம். குளக்கரையில் காலை நடைக்கும் வசதி. ஊருக்குப் போக வேண்டுமென்றால் செம்மொழி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இங்கே இரவு ஏறினால் விடிவதற்குள் திருப்பூர். சாப்பாட்டுக்கு மெஸ் பார்க்கும்வரை மதியம் எங்களோடு உட்காருங்கள், ஆளுக்கொரு டப்பா கொண்டு வருவோம், பகிர்ந்து சாப்பிடுவோம்.

சாவி ஒப்படைப்பு, கேஷ் சரிபார்ப்பு, நகைப் பைகள் எண்ணிக்கை எல்லாம் இன்று மாலைக்குள் முடிந்துவிடும்படி பதிவேடுகளைத் தயாராக வைத்திருக்கிறோம். கணக்கு முடித்ததும் எல்லோரும் ஹாலில் கூடுகிறோம். டீயும் மெதுவடையும் சொல்லியாகிவிட்டது. நீங்கள் ஒவ்வொருவரிடமும் பேசி அறிமுகம் செய்துகொள்ள நேரம் ஒதுக்குங்கள் மேடம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
மன்னார்குடி கிளை ஊழியர்கள் அனைவரும்