மாதப் பராமரிப்பு: போன் செய்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் கிடைப்பார் என்பதோடு

வணக்கம் டாக்டர்,

கிளினிக்கில் கணினி, பில்லிங் விஷயங்களை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் இந்த மெயிலை அவருக்கே தள்ளிவிடுங்கள். பிரிண்டர் நின்றால் முதலில் திட்டு வாங்குபவர் அவர்தான், அதனால் முழுதாகப் படிக்கப்போவதும் அவராகத்தான் இருக்கும்.

நாங்கள் ஆறு பேர் கொண்ட சின்ன கணினி சர்வீஸ் நிறுவனம். உங்கள் கிளினிக்கிலிருந்து வண்டியில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறோம். இரண்டு முதல் பத்து கணினி வரை வைத்திருக்கும் கிளினிக்குகளுக்கு மட்டும் மாதப் பராமரிப்பு செய்கிறோம். பெரிய மருத்துவமனைகள் எடுப்பதில்லை, எடுத்தால் உங்களைப் போன்றவர்களுக்குச் சொன்ன நேரத்தில் வர முடியாது.

இப்போது உங்கள் இடத்தில் நடப்பது அநேகமாக இதுதான்: ஏதாவது பழுதானால் தெரிந்த ஒருவருக்கு போன், அவர் எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் இன்னொருவர், அவரும் "சாயந்திரம் பார்க்கிறேன் சார்" என்பார், எந்த சாயந்திரம் என்று சொல்லமாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு உங்களோடு ஒப்பந்தம் எதுவும் கிடையாதே. நாங்கள் விற்பது முக்கியமாக அந்த "எப்போது" என்ற கேள்விக்கான பதிலைத்தான்.

போன மாதம் ஒரு கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. வந்த பிறகு ரவுட்டர் பிரிண்டருக்கு வேறொரு ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டது, முன்பதிவுக் கவுண்டரில் இருந்த கணினியோ பழைய முகவரிக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் `Offline` என்று காட்டுகிறது, பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, கவுண்டரில் இருந்த பெண் பிரிண்டரை நான்கு முறை அணைத்துப் போட்டிருக்கிறார், கேபிளைக் கழற்றி மாட்டியிருக்கிறார், கடைசியில் பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்துவிட்டார். மூன்று மணி நேரம். எங்களுக்குத் தகவல் வந்தபோது மதியம் ஆகிவிட்டது. தொலைவிலிருந்தே இணைந்து சரிசெய்ய ஆன நேரம் ஏழு நிமிடம், அந்தப் பிரிண்டருக்கு ரவுட்டரிலேயே ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டோம், அவ்வளவுதான். ஏழு நிமிட வேலைக்கு மூன்று மணி நேரம் போனதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாததுதான்.

சரி, நேரக் கணக்குக்கு வருகிறேன். கிளினிக் திறந்திருக்கும் நேரம் முழுவதும், ஞாயிறு திறந்தால் ஞாயிறும் சேர்த்து, இது பொருந்தும்.

நோயாளியைப் பார்க்கவோ பில் போடவோ முடியாமல் வேலையே நின்றுவிட்டது என்றால் அது முதல் வகை. எல்லாக் கணினியிலும் மென்பொருள் திறக்கவில்லை, சர்வர் படுத்துவிட்டது, நெட் மொத்தமாக இல்லை, ஃபைல்கள் திடீரென்று திறக்க மறுத்துப் பணம் கேட்டு ஒரு செய்தி வருகிறது, இவையெல்லாம் இதில் வரும். போனை எடுப்பது 5 நிமிடத்துக்குள், தொலைவிலிருந்து வேலையைத் தொடங்குவது 15 நிமிடத்துக்குள், அப்படி முடியாது என்று தெரிந்தால் அந்த நிமிடத்திலிருந்து 90 நிமிடத்துக்குள் ஆள் உங்கள் வாசலில்.

வேலை நடக்கிறது, ஆனால் நொண்டுகிறது என்றால் இரண்டாம் வகை: ஒரு கணினி மட்டும் போச்சு, ஸ்கேனர் வேலை செய்யவில்லை, லேப் ரிப்போர்ட் ஒரு இடத்தில் தெரிகிறது இன்னொரு இடத்தில் தெரியவில்லை. இதற்கு ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குவோம், நேரில் வரவேண்டியிருந்தால் அதே நாளில். மதியம் 3 மணிக்கு மேல் சொன்னால் மறுநாள் காலை கிளினிக் திறப்பதற்கு முன்.

புதிய ஊழியருக்கு லாகின், ஃபான்ட் மாற்றம், பழைய மானிட்டரைத் தூக்கிப்போடலாமா போன்றவை மூன்றாம் வகை. இரண்டு வேலை நாள்.

எது எந்த வகை என்று நீங்கள் சொல்வதுதான் முடிவு. அதில் வாதாடமாட்டோம். எல்லாவற்றையும் முதல் வகை என்று சொல்லும் ஒருவர் எப்போதும் இருப்பார், தெரியும், அதையும் பழகிக்கொண்டோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேலே இருப்பதெல்லாம் வேலையைத் தொடங்கும் நேரம், முடிக்கும் நேரம் இல்லை. ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் புதியது வரவேண்டும், மென்பொருளில் கோளாறு என்றால் அதை எழுதிய நிறுவனம் திருத்தவேண்டும், இதற்கெல்லாம் நாங்கள் கெடு சொன்னால் அது பொய். ஆனால் முதல் வகைப் பழுது முடியும்வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்றும் நகராவிட்டாலும், "இந்த நிலையில் இருக்கிறது" என்று நாங்களே போன் செய்வோம். பழுதைவிட, என்ன நடக்கிறதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆளைக் கொல்லும் என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். அன்று ஆரம்பித்த பழக்கம் இது.

சொன்ன நேரத்தைத் தவறவிட்டால்? ஒவ்வொரு தவறலுக்கும் அந்த மாதக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு கழித்துத்தான் பில் வரும், நீங்கள் கேட்கவேண்டியதில்லை. ஒரே மாதத்தில் மூன்று முறை தவறினால் அந்த மாதம் கட்டணமே வேண்டாம். நீங்கள் எப்போது அழைத்தீர்கள், நாங்கள் எப்போது தொடங்கினோம் என்ற பட்டியல் மாதக் கடைசியில் பில்லோடு வரும்.

அப்புறம், பழுதே இல்லாத மாதம் எதற்குப் பணம் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. மாதம் ஒருமுறை நேரில் வந்து இரண்டு மணி நேரம் இருப்போம், நோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து. அப்டேட்களை நாங்கள் முதலில் ஒரு கணினியில் போட்டு, உங்கள் மென்பொருள் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றில் போடுவோம். யூபிஎஸ்ஸை இழுத்து மின்சாரம் இல்லாமல் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று நேரம் எடுப்போம் (அந்த பேட்டரிகள் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான், வாங்கிய தேதி யாருக்கும் நினைவிருப்பதில்லை). வேலையை விட்டுப்போனவர்களின் லாகின் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்ப்போம். காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் வைஃபையும் நோயாளிகளின் விவரம் ஓடும் நெட்வொர்க்கும் ஒன்றாகவே இருந்தால் முதல் மாதமே பிரித்துவிடுவோம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் பேக்கப். இங்கேதான் பெரும்பாலான கிளினிக்குகள் ஏமாந்திருக்கின்றன, தங்களுக்குத் தெரியாமலே. நாங்கள் புதிதாக எடுத்த ஒரு இடத்தில் சர்வர் பக்கத்தில் வெளி டிஸ்க் ஒன்று நீல விளக்கு மினுக்கிக்கொண்டு இருந்தது, "தினமும் பேக்கப் ஆகுது சார்" என்றார்கள். திறந்து பார்த்தால் கடைசி ஃபைலுக்கு எட்டு மாதம் வயது. டிஸ்க் நிரம்பிவிட்டது, பேக்கப் மென்பொருள் ஒவ்வொரு இரவும் ஒரு பிழைச் செய்தியை யாரும் திறக்காத மெயில் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. எதுவும் ஆவதற்கு முன் பார்த்துவிட்டோம், அது அவர்கள் அதிர்ஷ்டம்.

கிளவுடில் சிங்க் ஆகிறது என்பதை மட்டும் நம்பவேண்டாம். ரான்சம்வேர் வந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைலும் சமர்த்தாக சிங்க் ஆகிவிடும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய கணக்கைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். ஒரு பிரதியாவது நெட்வொர்க்கிலிருந்து கழற்றியே இருக்கும். மாதம் ஒருமுறை ஒரு நாளின் பேக்கப்பை வேறொரு கணினியில் திருப்பி ஏற்றி, அந்த நாளின் பில்களில் பத்தை எடுத்து எண்ணும் தொகையும் சரியாக வருகிறதா என்று உங்கள் ஊழியரையே பார்க்கச் சொல்வோம். திருப்பி ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நாங்கள் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையே ஆயிரக்கணக்கான சந்திப்புகளை ரத்து செய்யவேண்டி வந்தது, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போடவேண்டியவர்கள் போடவில்லை, அவ்வளவுதான் கதை. இன்னும் விண்டோஸ் 10 ஓடும் கணினிகள் உங்களிடம் இருந்தால் உடனே சொல்லுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் தனியாகச் சேர்ந்த கணினிகளுக்கு மட்டும்தான் அதன்பிறகும் அப்டேட் வருகிறது. எதை மேம்படுத்தலாம், எதை மாற்றியே ஆகவேண்டும் என்று பார்த்துச் சொல்கிறோம். கணினி நாங்கள் விற்பதில்லை, அதனால் தேவையில்லாமல் மாற்றச் சொல்லி எங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

நாங்கள் செய்யாதவையும் உண்டு. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் போன்ற கருவிகளுக்குள் கைவைக்கமாட்டோம், அது அந்தக் கருவியை விற்றவரின் வேலை, கருவியிலிருந்து வெளியே வரும் நெட்வொர்க் கேபிளிலிருந்துதான் எங்கள் எல்லை. உங்கள் கிளினிக் மென்பொருளில் புதிய வசதி எழுதித் தருவதும் இல்லை. ஆனால் அந்த நிறுவனத்தோடு பேசி, மல்லுக்கட்டி, டிக்கெட் போட்டுப் பின்தொடர்வதை உங்களுக்குப் பதிலாக நாங்கள் செய்வோம், இது ஒன்றுக்காகவே எங்களை வைத்திருக்கும் கிளினிக்கும் உண்டு.

நோயாளிகளின் விவரம் பற்றி: தொலைவிலிருந்து இணையும்போது ஒவ்வொரு முறையும் உங்கள் பக்கத்தில் ஒருவர் அனுமதி கொடுத்தால்தான் திரை எங்களுக்குத் தெரியும், அவர் எப்போது வேண்டுமானாலும் துண்டிக்கலாம். நோயாளிகளின் ஃபைல் எதையும் எங்கள் கணினிக்கு எடுத்துச் செல்லமாட்டோம், இது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறது.

கட்டணம் கணினி எண்ணிக்கையைப் பொறுத்தது, இணைத்திருக்கும் ஒரு பக்கத் தாளில் இருக்கிறது, உதிரிப் பாகத்தின் விலை தவிர அதற்குமேல் எதுவும் கிடையாது. நேரில் வருவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மாதா மாதம்தான், வருட ஒப்பந்தம் கேட்பதில்லை, 15 நாள் முன்பு ஒரு மெயில் போட்டால் நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தும்போது எல்லா பாஸ்வேர்டுகளும் நெட்வொர்க் வரைபடமும் எழுதி உங்கள் கையில் வந்துவிடும்.

சேர்வதற்கு முன் ஒருமுறை இலவசமாக வந்து பார்க்கிறோம், ஒன்றரை மணி நேரம் ஆகும். பார்த்ததை இரண்டு பக்கத்தில் எழுதித் தருவோம், அதை வைத்து நீங்கள் வேறு ஆளிடம் வேலை கொடுத்தாலும் வருத்தமில்லை. இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்: எத்தனை கணினி, என்ன மென்பொருள், எந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, இந்த மூன்று போதும். அதே நாளில் பதில் வரும். வரவில்லை என்றால் எங்களை எடுக்கவே வேண்டாம்.

நன்றி,
கணினி பராமரிப்புக் குழு