அழகாபுரம் வீட்டில் இணையக் கேபிளுக்குத் துளை போட அனுமதி கேட்டு

சேலம்,
12-8-2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். அழகாபுரம் இரண்டாம் மாடி வீட்டுக்கு ஃபைபர் இணைய இணைப்பு எடுக்க விரும்புகிறோம். அதற்குச் சுவரில் ஒரு துளையும், ரவுட்டர் மாட்ட இரண்டு ஸ்க்ரூவும், உள்ளே கேபிள் பட்டிக்குச் சில ஸ்க்ரூவும், வெளியே ஒரு கொக்கியும் தேவைப்படுகின்றன. வாடகை ஒப்பந்தத்தில் சுவரைத் துளைக்க உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்று இருப்பதால், என்ன வேலை, எங்கே, எப்படி என்பதை முழுதாக எழுதுகிறோம்.

வீட்டு உள்ளறைகளில் மொபைல் சிக்னல் நிற்பதில்லை. என் மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். பையன் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அதனால்தான் கேட்கிறோம்.

துளை போடாமல் முடியுமா என்று முதலில் பார்த்தோம். படுக்கையறை ஜன்னல் சட்டத்தில் பழைய டிஷ் வயர் வந்த ஓட்டை இருக்கிறது. அதன் வழியாகக் கொண்டுவந்தால் ஜன்னல் கதவை மூடும்போதெல்லாம் கேபிள் நசுங்கும். ஃபைபர் செம்புக் கம்பி மாதிரி அல்ல. உள்ளே இருப்பது முடி அளவு கண்ணாடி இழை. அழுத்தம் பட்டால் ஒளி கசிந்து இணைப்பு விட்டுவிட்டு வரும், ஒரு நாள் ரவுட்டரில் ஒளி வரவில்லை என்று காட்டும் LOS விளக்கு சிவப்பாகிவிடும். தவிர கொசுவலையையும் வெட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவிலுள்ள சுவரைத் தேர்ந்தெடுத்தோம். அதன் மேல் மாடி பால்கனியின் தளம் குடைபோல் வருவதால் மழைச் சாரல் நேராக அடிக்காது.

துளையின் அளவு 10 மில்லிமீட்டர், ஒன்றே ஒன்று. கம்பெனி ஆட்கள் பெரும்பாலும் 16 அல்லது 20 மில்லிமீட்டர் பிட்டைத்தான் கையில் வைத்திருப்பார்கள். முனையில் கனெக்டர் மாட்டிய கேபிளை அப்படியே நுழைப்பதற்காக. வெறும் கேபிளை உள்ளே இழுத்து, ஹாலுக்குள் வைத்துக் கனெக்டரை இணைத்தால் 10 மில்லிமீட்டரே தாராளம். இதை முன்கூட்டியே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம். பிட்டையும் நாங்களே வாங்கித் தருகிறோம்.

இடம்: பால்கனிக் கதவுக்கு இடது பக்கம், தரையிலிருந்து 8 அடி உயரம். லிண்டல் ஏழரை அடியோடு முடிகிறது, மேல் பீம் ஒன்பது அடியில் தொடங்குகிறது. நடுவில் இருப்பது வெறும் செங்கல் கட்டு. தூண், பீம், லிண்டல் எதிலும் பிட் படாது. கன்சீல்டு பைப் சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலே போகும் என்பதால், பெட்டிக்கு நேர்கோட்டிலிருந்து இரண்டடி தள்ளிக் குறித்திருக்கிறோம். துளைக்கும்போது ஹால் எம்.சி.பி-யை அணைத்துவிட்டு, டிரில்லுக்கு அடுக்களை லைனிலிருந்து எக்ஸ்டென்ஷன் மூலம் கரண்ட் எடுப்போம். சாக்பீஸால் குறித்த இடத்தின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். வேறு இடம் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

துளை உள்ளிருந்து வெளியே அரை அங்குலம் சரிவாக இறங்கும். மட்டமாகவோ உள்பக்கம் சரிந்தோ இருந்தால் வெளிச் சுவரில் வடியும் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து பெயின்ட்டை ஊற வைத்துவிடும். 9 அங்குலச் சுவரில் இருபக்கப் பூச்சையும் சேர்த்தால் பத்தரை அங்குலம் வரும், எனவே நீளமான பிட் வேண்டும். கடைசி ஓர் அங்குலத்தை ஹாமர் மோடு இல்லாமல் மெதுவாக ஓட்டச் சொல்வோம். இல்லாவிட்டால் வெளிப்பூச்சு வட்டமாகப் பெயர்ந்து விழும். இந்த வேலையில் அதிகம் கெடுவது இதுதான். கீழே ஆள் நடமாட்டம் இருப்பதால் அது ஆபத்தும்கூட. கேபிள் வந்த பிறகு துளையின் இரு வாயையும் சிலிகான் சீலன்ட்டால் அடைப்போம், வெளியே கேபிளைத் துளைக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றுவோம், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வெளியே, தெரு முனைக் கம்பத்திலிருந்து சுமார் 35 மீட்டர் கேபிள் வருகிறது. மொட்டை மாடி வழியாக இழுத்தால் தட்டு ஓட்டில் ஆணி அடிக்க நேரும், பிறகு கசிவுக்கு அதைக் காரணம் சொல்வார்கள். எனவே மாடியைத் தொடுவதில்லை. பால்கனிக் கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் ஒரு கொக்கி மட்டும். ஈ.பி. சர்வீஸ் வயரிலோ மழைநீர்க் குழாயிலோ கட்ட மாட்டோம். கேபிளோடு ஒரு எஃகுக் கம்பி ஒட்டியிருக்கும். அதைக் கொக்கியிலேயே வெட்டி நிறுத்தி, இழை மட்டும் உள்ளே வரும். சித்திரை, வைகாசியில் இடி மின்னல் இங்கே எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் அந்தக் கம்பி வரத் தேவையில்லை. பொதுச் சுவர் சம்பந்தப்பட்டதால் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமும் சொல்லிவிட்டோம். வீட்டுக்காரர் சம்மதித்தால் ஆட்சேபணை இல்லை என்றார்.

உள்ளே, துளையிலிருந்து டி.வி. ஷெல்ஃப் வரை 9 அடிக்கு முக்கால் அங்குல வெள்ளை பி.வி.சி. பட்டி வரும். டபுள் டேப் ஒட்டலாம் என்பார்கள். வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்: எடுக்கும்போது புட்டியோடு எமல்ஷனைத் திட்டுத் திட்டாக உரித்துவிடும். ஸ்க்ரூவில் மாட்டினால் அந்த ஓட்டையை ஒரு சிட்டிகை புட்டியால் மூடலாம். ரவுட்டர் ஷெல்ஃபுக்கு மேல், 6 அடி உயரத்தில், 6 மில்லிமீட்டர் ரால் பிளக்கில் இரண்டு ஸ்க்ரூவில் தொங்கும். வீட்டின் நடு இடம் அதுதான். மூலையில் வைத்தால் 9 அங்குலச் சுவர் இரண்டைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் பின் அறைக்குப் போய்ச் சேராது. பக்கத்தில் ஏற்கெனவே உள்ள 6 ஆம்பியர் பிளக் போதும், புது வயரிங் இல்லை. 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 9 யூனிட்டைத் தாண்டாது, அதுவும் எங்கள் மீட்டரில்தான்.

செலவு முழுவதும் எங்களுடையது. காலி செய்யும்போது ரவுட்டரைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அடுத்துக் குடிவருபவருக்கு உதவும் என்று நினைத்தால் கேபிளையும் பட்டியையும் அப்படியே விட்டுச் செல்கிறோம். வேண்டாம் என்றால் துளையைச் சிமென்ட்டால் அடைத்து, புட்டி வைத்து, அந்தச் சுவர் முழுவதற்கும் பெயின்ட் அடித்துத் தருகிறோம். ஒட்டுப் போட்ட மாதிரி தெரியக் கூடாது என்பதால்தான் முழுச் சுவர். அதற்காக ஹால் பெயின்ட்டின் ஷேடு எண் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். செய்யாமல் போனால் அந்தச் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம்.

விநாயகர் சதுர்த்திக்கு முன், 24-8-2025 ஞாயிறு காலை 10 மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். இரண்டு மணி நேர வேலை. நீங்களோ தம்பியோ வந்து இருந்தால் நல்லது. முடியாவிட்டால் துளைக்கும் முன்னும் பின்னும் போட்டோ அனுப்புகிறேன். 20-ம் தேதிக்குள் இந்தக் கடிதத்தின் அடியிலேயே சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒரு போட்டோ அனுப்பினால் போதும். மாற்றம் ஏதாவது வேண்டுமானால் அதையும் அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. செந்தில்குமார்
செ. கவிதா
இரண்டாம் மாடி, அழகாபுரம், சேலம்