நூலா, கட்டுரையா, இயலா, இணையப் பக்கமா? துணைநூற்பட்டியலைச் செப்பனிடத் தொடங்குபவர்களுக்கு

ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரம் இருக்கும்போதுதான் பலரும் துணைநூற்பட்டியலைத் திறக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக அவ்வப்போது எழுதிச் சேர்த்த இருநூறு வரிகள் அதில் கிடக்கின்றன. சிலவற்றில் ஆண்டு இல்லை, சிலவற்றில் இணைப்பு மட்டும்தான் இருக்கிறது. அந்த நிலைக்கு நீங்கள் வந்துவிடக்கூடாது என்பதற்காக, நம் துறையில் இவ்வாண்டு சேர்ந்திருக்கும் ஆய்வாளர்களுக்கு இதை எழுதுகிறேன்.

அகரவரிசைப்படுத்துவதற்கு முன்பே ஒன்றைச் செய்துவிடுங்கள். அடிக்குறிப்பிலிருந்து அப்படியே ஒட்டிய ‘மேலது, ப. 45’ போன்ற வரிகளைத் தேடி, முழு விவரத்தையும் எழுதுங்கள். வரிசை கலைந்துவிட்டால் எதற்கு மேலது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி: இது எதற்குள் அச்சாகி இருந்தது? எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது அதற்கு விடை ஆகாது. தமிழ் மின்னூலகத்தில் படித்த பழைய நூல், திரையில் படித்ததாலேயே இணையப் பக்கம் ஆகிவிடாது, அது நூல்தான். பிடிஎஃப் கோப்பாக இறக்கிய ஆய்விதழ்க் கட்டுரைக்கும் இதே நியாயம்தான். நான் பார்த்த பட்டியல்களில் மிகுதியான தவறு இங்கேதான் நேர்ந்திருக்கிறது.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘ராமானுஜன், ஏ. கே., 1989, 23(1): 41–58’. தலைப்பே இல்லை, ஆனாலும் இது ஆய்விதழ்க் கட்டுரை என்று சொல்லிவிடலாம். 23 என்பது தொகுதி, அடைப்புக்குறிக்குள் இருப்பது இதழ் எண், பிறகு பக்கங்கள். இந்த அமைப்பு ஆய்விதழுக்கே உரியது. தேடினால், இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா என்று கேட்கும் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை, ‘கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி’ இதழில் கிடைக்கிறது.

அடுத்த வரி: ‘ராமானுஜன், முந்நூறு ராமாயணங்கள், ரிச்மன், 1991, 22–49’. இங்கே இரண்டு பெயர்கள், ஒரு பக்க எல்லை. தொகுதி எண் இல்லை. ஒருவர் எழுதியிருக்கிறார், மற்றவர் தொகுத்திருக்கிறார். பவுலா ரிச்மன் பதிப்பித்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘மெனி ராமாயணாஸ்’ என்ற தொகுப்பு நூலின் ஓர் இயல் அது. பதிப்பாசிரியர் பெயர், தொகுப்பின் தலைப்பு, பதிப்பகம் மூன்றும் சேர்ந்தால்தான் இந்தப் பதிவு முழுமையடையும். ஒரே ஆசிரியரின் நூலில் ஓர் இயலை மட்டும் படித்திருந்தால் பொதுவாக நூலையே பட்டியலில் தாருங்கள். பக்க எண் அடிக்குறிப்பில் இருந்தால் போதும்.

முதலில் சொன்ன கட்டுரை, 1990இல் மெக்கிம் மேரியட் பதிப்பித்த தொகுப்பு நூலிலும் அதே 41–58 பக்கங்களில் வந்திருக்கிறது. பக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவீர்கள். உங்கள் கையில் இருந்த வடிவம் எதுவோ அதையே பதியுங்கள்.

எண்களும் துணை செய்யும். 978 அல்லது 979 என்று தொடங்கும் 13 இலக்கம் நூலுக்கு உரியது. 2007க்கு முந்தைய நூல்களில் எண் இருந்தால் பெரும்பாலும் 10 இலக்கமே இருக்கும். நடுவில் சிறுகோடு போட்ட 8 இலக்கம் ஆய்விதழ் போன்ற தொடர் வெளியீட்டைக் குறிக்கும். `10.` என்று தொடங்கும் டிஓஐ எண்ணை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். நூலுக்கும் இயலுக்கும்கூட அது தரப்படுகிறது.

நம் தமிழ்ச் சொற்களும் ஏமாற்றும். ‘மலர் 12, இதழ் 3’ என்றால் ஆய்விதழ். ‘மணிவிழா மலர்’ என்றால் தொகுப்பு நூல். அதிலுள்ள கட்டுரை இயலாகவே பதியப்படும். ‘தொகுதி 2’ என்பது ஆய்விதழாகவும் இருக்கலாம், பல தொகுதி நூலாகவும் இருக்கலாம். ‘பதி.’ என்ற சுருக்கம் பதிப்பாசிரியரா, பதிப்பா என்று பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்: முன்னால் ஆள் பெயர் இருந்தால் பதிப்பாசிரியர், ‘இரண்டாம்’ என்று இருந்தால் பதிப்பு.

நூல், ஆய்விதழ் எதற்குள்ளும் இடம்பெறாமல் இணையத்திலேயே பிறந்து அங்கேயே இருப்பதுதான் இணையப் பக்கம். அதற்குப் பார்த்த தேதியையும் எழுதுங்கள். துணைநூல் விவரங்களைச் சேமிக்க Zotero மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் `Web Page` என்று பதிவானவற்றை எல்லாம் ஒருமுறை திறந்து பாருங்கள். உலாவியிலிருந்து சேமிக்கும்போது விவரம் பிடிபடாதவை அந்த வகையில்தான் போய் விழும். `Journal Article`, `Book`, `Book Section` என்று அங்கேயே வகையை மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிடிபடாத வரிகள் பத்துப் பன்னிரண்டு மிஞ்சும். அவற்றை ஊகித்து நிரப்பாதீர்கள், மஞ்சள் நிறமிட்டு வையுங்கள். நூலகத்தில் அந்தப் பிரதியை எடுத்துத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பதிப்பு, ஆண்டு, பதிப்பகம் எல்லாம் பெரும்பாலும் அங்கேயே அச்சாகியிருக்கும்.