82 கிலோ

மூன்றாவது தடவை இறங்கி, ரன்வேயை விட்டு வெளியே வந்து நின்றதும் கேப்டன் ஹெட்செட்டைக் கழற்றினார். என்ஜினை நிறுத்தச் சொல்லவில்லை. நிவேதாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ஆயிரம் ஆர்.பி.எம். வெச்சு, பார்க்கிங் பிரேக்கைப் போடும்மா."

போட்டாள். தினமும் கூடப் பறக்கிற உதவிப் பயிற்சியாளருக்கு ஒரு மாணவியைத் தனியாகப் பறக்கும் முதல் சோலோவுக்கு அனுப்பும் உரிமை கிடையாது. அதனால்தான் இன்றைக்குக் காலையில் தலைமைப் பயிற்சியாளரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏறிச் சுற்றிவந்து இறங்கிய மூன்று சர்க்யூட்டிலும் அவர் பேசியதெல்லாம் நாலு வார்த்தை இருக்கும். அதுவே அவளுக்கு ஒரு பயமாக இருந்தது. திட்டினாலாவது எங்கே தப்பு என்று தெரியும்.

இறங்கும் முன் காலியாகப் போகிற இருக்கையின் பெல்ட்டை எடுத்துக் குறுக்கே மாட்டி இறுக்கினார். செஸ்னா 152-இல் இரண்டு ஸ்டியரிங்கும் ஒன்றோடொன்று இணைந்தவை. தொங்கிக் கிடக்கும் பெல்ட் வலதுபக்க ஸ்டியரிங்கில் சிக்கினால் இடதுபக்கம் இழுக்க வராது.

"ஒரே ஒரு சர்க்யூட். அப்ரோச் பிடிக்கலைன்னா இறங்காம மறுபடி ஏறிடு, கோ அரவுண்ட். அஞ்சு தடவை பண்ணினாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம், ஃப்யூவல் நிறைய இருக்கு. நான் 82 கிலோ. நான் இறங்கிட்டா இவ சீக்கிரம் ஏறுவா. இறங்கறதுக்கு மட்டும் அடம் பிடிப்பா. அவ்வளவுதான்."

கதவைச் சாத்தி வெளியிலிருந்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, வாலைச் சுற்றிக்கொண்டு நடந்தார். சுற்றும் ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் போவதில்லை, எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும்.

மணி ஒன்பதரை. லாஸ்பேட்டையில் பங்குனி வெயில் அதற்குள் கண்ணாடி வழியாகத் தொடையைச் சுட்டது. விடுதியில் பாதி இட்லிக்கு மேல் இறங்கவில்லை. கை நடுக்கத்தில் பாதிக்குக் காரணம் பயம், மீதி வெறும் வயிறு. பயிற்சிக்கு வருபவர்களில் பலருக்கும் இந்த இரண்டாவது காரணம் தெரிவதில்லை.

இருக்கையை முன்னும் பின்னும் அசைத்தாள். அசையவில்லை. தண்டவாளத்தில் பின் சரியாக விழாமல் இருந்தால், வண்டி மூக்கைத் தூக்கும் நேரத்தில் இருக்கை பின்னால் ஓடும், கையில் இருக்கும் ஸ்டியரிங்கும் கூடவே வரும். காலையிலேயே பார்த்ததுதான். மறுபடி பார்த்தாள்.

1700 ஆர்.பி.எம். தீப்பொறி தரும் இடது மேக்னெட்டோவில் 70 இறங்கியது, வலதில் 80. 125-க்குள் இருக்க வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. கார்ப் ஹீட் இழுத்தாள், சுருதி கொஞ்சம் இறங்கியது. தள்ளினாள், ஏறியது. ஃப்ளாப் மேலே. ட்ரிம் டேக்ஆஃப் குறியில். மிக்ஸ்சர் ரிச். ஒவ்வொன்றையும் தொட்டு, வாய்விட்டுச் சொன்னாள். வாய் காய்ந்திருந்ததால் "மிக்ஸ்சர்" இரண்டாவது தடவையில்தான் வந்தது.

"பாண்டி டவர், கிலோ மைக், ரெடி ஃபார் டிபார்ச்சர்."

"கிலோ மைக், விண்ட் ஜீரோ எய்ட் ஜீரோ டிகிரீஸ், சிக்ஸ் நாட்ஸ், ரன்வே ஜீரோ செவன், க்ளியர்ட் ஃபார் டேக்ஆஃப்."

வண்டியின் அழைப்புப் பெயரான கிலோ மைக்கையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னாள். குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. கடலிலிருந்து நேராக மூக்கில் அடிக்கிற ஆறு நாட் காற்று, முதல் சோலோவுக்கு இதைவிட நல்லது கேட்க முடியாது.

நடுக்கோட்டில் நேராக நின்று, த்ராட்டிலை மூன்று எண்ணுவதற்குள் முழுதும் தள்ளினாள். வண்டி இடப்பக்கம் இழுத்தது. வலது காலில் அழுத்தம் கொடுக்க வேண்டும். பயந்த கால் இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கும். அவளுக்கும் அதுவே. மூக்கு கோட்டை விட்டு ஒரு மீட்டர் இடப்பக்கம் போனது. இடது காலைத் தளர்த்தினாள், கோடு திரும்ப நடுவுக்கு வந்தது. ஆர்.பி.எம். சரி. ஆயில் பச்சையில். ஸ்பீடு முள் உயிரோடு இருக்கிறது. 40. 50-இல் லேசாக இழுத்தாள்.

இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஓடிய ஓட்டத்தில் சக்கரம் தரையை விட்டிருந்தது.

67 நாட்டில் ஏற வேண்டும். வழக்கமான இடத்தில் மூக்கை வைத்தாள். முள் 75-ஐக் காட்டியது. இன்னும் தூக்கினாள். 67 வந்தபோது தொடுவானம் என்ஜின் மூடிக்குக் கீழே மறைந்துவிட்டது. நிமிடத்துக்கு 500, 600 அடி ஏறிப் பழகிய வண்டி 800-ஐத் தொட்டது. எடையில் ஒன்பதில் ஒரு பங்கு கதவைத் திறந்து இறங்கிப் போயிருக்கிறது, அதுதான் கணக்கு. வகுப்பில் இதைப் படிக்காதவர் இல்லை. ஆனால் முதுகு இருக்கையில் அழுந்தும்போது அது கணக்காகத் தோன்றாது.

கிழக்குக் கடற்கரைச் சாலை கீழே போயிற்று. கோட்டக்குப்பம் பக்கம் இடப்பக்கம் திரும்பும்போது ஆயிரம் அடி காட்டியது. அன்றாடம் இந்த இடத்தில் 700 இருக்கும். ஆயிரத்து நூறில் மட்டம் பிடிக்க வேண்டியவள் ஆயிரத்து இருநூறில்தான் பிடித்தாள். கையைப் பார்த்தாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. இப்படி இறுக்கிப் பிடித்தால் ட்ரிம் சரியா தப்பா என்று கைக்கே தெரியாது. ஸ்டியரிங்கை இரண்டு விரலுக்கு மாற்றினாள். மூக்கு தானாக மேலே போகப் பார்த்தது. ட்ரிம் சக்கரத்தை இரண்டு தட்டு முன்னால் உருட்டினாள். நின்றது.

டவுன்விண்ட். எதிரே ஊசுட்டேரி பளபளத்தது. அதற்குக் கொஞ்சம் வலப்பக்கமாக மூக்கை வைத்துக்கொண்டால் ரன்வேக்கு இணையாகப் போகலாம். காற்று நகர்ந்திருக்கிறதா என்று இடப்பக்கம் ரன்வேயைப் பார்த்தாள். பழக்கத்தில் வலப்பக்கமும் திரும்பினாள். பயிற்சியாளரின் தோள் எப்போதும் மறைத்துக்கொண்டிருந்த கண்ணாடியில், ஆரோவில்லின் மரங்களுக்கு நடுவே மாத்ரிமந்திர் மஞ்சளாகத் தெரிந்தது. இத்தனை நாள் அந்தப் பக்கம் அது இருப்பதே தெரியாது.

"இப்ப யாரும் இல்ல," என்று சத்தமாகச் சொன்னாள். சொன்னதும் ஏனோ சிரிப்பு வந்தது. பிரேக் ஆஃப். மிக்ஸ்சர் ரிச். ஃப்யூவல் ஆன். கதவு, பெல்ட். எல்லாம் வாய்விட்டு.

ரன்வே ஆரம்பம் இடது தோளுக்கு நேரே வந்ததும் கார்ப் ஹீட் இழுத்தாள். கடலோர ஈரக்காற்றில் த்ராட்டிலைக் குறைத்தால் கார்புரேட்டருக்குள் பனி கட்டும், வெளியே 30 டிகிரி இருந்தாலும் கட்டும். 1500 ஆர்.பி.எம். முள் 85-க்குக் கீழே வந்த பிறகு ஃப்ளாப் பத்து. ரன்வே பக்கம் திரும்பும் பேஸில் இருபது. ரன்வேக்கு நேராக இறங்கும் ஃபைனலில் முப்பது.

ஃபைனலில் திரும்பியபோதே உயரம் அதிகம். மட்டம் பிடிக்கத் தவறிய அந்த நூறு அடி கூடவே வந்திருந்தது. ரன்வேயின் 07 எண் கண்ணாடியில் நகராமல் நிற்க வேண்டும். அது கீழே கீழே நழுவி மூக்குக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அப்படி நழுவினால் தாண்டிப் போகிறோம் என்று பொருள். த்ராட்டிலைக் குறைத்தாள், மூக்கை அழுத்தினாள். அழுத்தினால் வேகம் ஏறும். 60 இருக்க வேண்டிய முள், வேலியைத் தாண்டும்போது 68.

சுற்று வட்டாரமெல்லாம் சுருங்கி அந்த ஒரு முள் மட்டும் தெரிந்தது. பயம் கண்ணைத்தான் முதலில் கட்டும்.

த்ராட்டிலை மூடி மட்டம் பிடித்தாள். வண்டி தரைக்கு நாலடி மேலே மிதந்தது. எண்ணெல்லாம் பின்னால் போயிற்று. மிதந்துகொண்டே இருந்தது. ஒரு கணம் கை முன்னால் தள்ளப் பார்த்தது: தள்ளிவிடு, சக்கரம் தொட்டுவிடும். தள்ளினால் முன்சக்கரம்தான் முதலில் தொடும். குதிக்கும், மறுபடி குத்தும், மூன்றாவது குத்தில் ப்ரொப்பெல்லர் தார்ச்சாலையைச் சீவும். முன்சக்கரக் கால் வளைந்த வண்டிகளில் பலவற்றின் கதை அந்த ஒரு தள்ளல்தான்.

தள்ளாமல் இழுத்தாள், கொஞ்சம் அதிகமாக. வண்டி எழும்பிப் பத்தடிக்குப் போயிற்று.

"கோ அரவுண்ட்," என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. கை அதற்கு முன்பே த்ராட்டிலை முழுதும் தள்ளியிருந்தது. கார்ப் ஹீட் உள்ளே. மறந்தால் என்ஜின் முழு பலத்தைத் தராது. ஃப்ளாப் முப்பதிலிருந்து இருபது. இறங்குவதற்காக வைத்த ட்ரிம், முழு பவர், இரண்டும் சேர்ந்து மூக்கை வானத்துக்குத் தூக்கின. கையை நீட்டி, பலமாகவே முன்னால் அழுத்திப் பிடித்தாள். வலது கால். 55. 60. ஏறுகிறது. ஃப்ளாப் பத்து. கொஞ்ச நேரம் கழித்து முழுதும் மேலே.

"டவர், கிலோ மைக், கோயிங் அரவுண்ட்."

"கிலோ மைக், ரோஜர். ரிப்போர்ட் டவுன்விண்ட்."

டவரில் கையடக்க ரேடியோவோடு நிற்கும் கேப்டன் ஏதாவது சொல்வார் என்று காத்தாள். ஒன்றும் வரவில்லை. சாலையும் கடலும் திரும்ப வந்தபோதுதான் கவனித்தாள், கை நடுங்கவில்லை. நடுங்க நேரம் இருந்திருக்கவில்லை.

இந்தத் தடவை ஆயிரத்து ஐம்பதிலேயே மூக்கைத் தாழ்த்தத் தொடங்கி ஆயிரத்து நூறில் நின்றாள். டவுன்விண்டில் த்ராட்டிலை 1500-க்குப் பதில் 1400-க்குக் குறைத்தாள். பேஸில் திரும்பும்போது 65. ஃபைனலில் 07 கண்ணாடியில் நகராமல் நின்றது. கொஞ்சம் மேலே போனால் கொஞ்சம் பவர், கீழே போனால் கொஞ்சம் குறைப்பு. வேலியில் 60.

த்ராட்டிலை மூடினாள். ரன்வேயின் கடைக்கோடியைப் பார்த்தாள், பக்கத்துத் தரையை அல்ல. இழுத்தாள், நிறுத்தினாள், இன்னும் இழுத்தாள். இறக்கையில் இருக்கும் ஸ்டால் ஹார்ன் முனகத் தொடங்கியது. அதில் மின்சாரம் கிடையாது. காற்று உறிஞ்சி நாக்கு அதிர்வதுதான், நாதஸ்வரச் சீவாளியைத் தனியாக எடுத்து ஊதினால் வருமே, அந்தச் சத்தம். பின்சக்கரங்கள் தொட்டன. ஸ்டியரிங்கை விடாமல் பின்னால் பிடித்திருந்தாள். முன்சக்கரம் தானாக, மெதுவாக இறங்கியது.

விமானங்கள் நிற்கும் ஏப்ரனில் வந்து மிக்ஸ்சரை இழுத்து, மேக்னெட்டோ சாவியைத் திருப்பி, மாஸ்டரை அணைத்துவிட்டு இறங்கினாள். கால் தரையில் பட்டதும் முழங்கால் மடங்கியது. இறக்கைத் தாங்கியைப் பிடித்துக்கொண்டாள். கூடப் படிக்கிறவர்கள் இரண்டு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். முதல் சோலோ முடித்து வருகிறவர் நனையாமல் போக முடியாது.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவளிடம் கேப்டன் கேட்டார்: "ஏம்மா சுத்திட்டு வந்த?"

"வேலில 68 இருந்துச்சு சார். மிதந்துது. நான் வேற இழுத்துட்டேன்."

"68 எப்படி வந்துது?"

"உயரம் ஜாஸ்தி. மூக்கை அழுத்தினேன்."

"உயரம் எப்படி ஜாஸ்தியாச்சு?"

யோசித்தாள். "மட்டம் பிடிக்கறப்பவே நூறடி விட்டுட்டேன் சார்."

"அதைத்தான் எழுதிக்கணும். லாண்டிங்க எழுதாத." லாக்புக்கை வாங்கி, பைலட் இன் கமாண்ட் கட்டத்தில் பேனாவை வைத்தார். "எத்தனை நிமிஷம்?"

"பதினெட்டு சார்."

அடுத்த சோலோவுக்குக் காத்திருந்த பையன், கடலூர் முதுநகர்க்காரன், வாளியை இன்னும் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தான். "அக்கா, ரொம்ப மிதக்குமா?"

"60-க்கு மேல வெச்சா மிதக்கும். நீ சாப்ட்டியா?"

"இல்லக்கா."

"கேன்டீன்ல ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு வா. அவர் இன்னும் காபி குடிக்கல, நேரம் இருக்கு."