பால் கணக்கு: 2025 ஜனவரி

வெள்ளவத்தை, இரண்டாம் மாடி, டீச்சர் அக்கா வீட்டுக்கு

வழமை: காலையில் 2 போத்தல் (ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர்). விலை: போத்தல் 210 ரூபா.

1 முதல் 4 வரை – தினம் 2 = 8
5 ஞாயிறு – 3 (விருந்தாட்கள் என்று அண்ணா முதல் நாளே சொன்னார்)
6, 7, 8 – தினம் 2 = 6
9 முதல் 12 வரை – இல்லை. யாழ்ப்பாணம் போனீர்கள், நாலு நாளும் கணக்கில் இல்லை.
13 போயா – 2
14 தைப்பொங்கல் – 4 (வழமை 2, பொங்கலுக்கு 2, விடிய நாலரைக்கே கதவடியில் வைத்தாச்சு)
15 முதல் 20 வரை – தினம் 2 = 12
21 செவ்வாய் – இல்லை. பிழை என்னுடையது, மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டது.
22 – 1 (அன்றைக்குப் பால் குறைவு, எல்லா வீட்டுக்கும் பாதிதான்)
23, 24, 25 – தினம் 2 = 6
26 ஞாயிறு – 2 தந்தேன், ஆனால் சேர்க்கவில்லை. அடுப்பில் வைத்ததும் திரைந்துவிட்டது என்று அக்கா சட்டியோடு கொண்டுவந்து காட்டினீர்கள். வெயிலில் கான் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டது. இப்போது ஈரச்சாக்கு சுற்றித்தான் கொண்டுவருகிறேன்.
27 – 2
28 – 1 (கதவில் தாள் வைத்திருந்தீர்கள்)
29, 30, 31 – தினம் 2 = 6

மொத்தம் 51 போத்தல்
51 × 210 = 10,710.00
டிசம்பர் பாக்கி = 350.00
கூட்டினால் = 11,060.00
20ஆம் திகதி தந்த முற்பணம் = 5,000.00
தர வேண்டியது = ரூபா 6,060.00

உங்கள் குசினிக் கலண்டரில் போட்ட புள்ளடியோடு ஒருக்கால் ஒத்துப் பாருங்கள். போன மாதம் ஒரு நாளை நான் இரண்டு தரம் எழுதிப்போட்டேன், அக்காதான் பிடித்தீர்கள். இந்த முறை என் கொப்பியும் தம்பியின் கொப்பியும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஏதும் வித்தியாசம் என்றால் காலையில் கதவடியில் சொல்லுங்கள், அங்கேயே திருத்தலாம்.

காசு 7ஆம் திகதி வெள்ளிக்கு முன் தந்தால் பெரிய உதவி. தம்பியிடம் கொடுத்தால் இந்தத் துண்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் போத்தல் மூன்று உங்களிடம் நிற்கிறது. காசு போடவில்லை, ஆனால் கழுவித் தந்துவிடுங்கள் அக்கா, இங்கே தட்டுப்பாடு.

பெப்ரவரி 1 முதல் போத்தல் 220. புண்ணாக்கு விலை ஏறிவிட்டது, மாட்டுக்காரரும் கூட்டிவிட்டார். 11ஆம் திகதி தைப்பூசம். கூடுதல் பால் வேண்டுமென்றால் 9ஆம் திகதிக்குள் சொல்லுங்கள். முதல் நாள் இரவு சொன்னால் தர முடியாது.

உங்கள் பால்காரன்
2025.01.31